டிவி பட்டை ஒன்று சொல்கிறது, பாக்ஸ் பட்டை ஒன்று சொல்கிறது: திரைத் தகவலை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

எச்டி பேக்குக்குப் பணம் கட்டியும் படம் மங்கலாக இருக்கிறது. சில சேனல்களில் மட்டும் சத்தம் வரவில்லை. மழையே இல்லாத நாளில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிஷ் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போனால் திரும்பத் திரும்ப நான் கேட்பது இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் முதல் துப்பு, ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் திரையில் வரும் தகவல் பட்டையில் கிடைக்கும். அதை எப்படிப் படிப்பது, படித்த பிறகு எதைச் சரிபார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது என்பதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எந்தப் பட்டை யாருடையது

உங்கள் வீட்டில் இரண்டு பட்டைகள் இருக்கின்றன. டிவி ரிமோட்டில் INFO அல்லது i என்று இருக்கும் பட்டனை அழுத்தினால் வருவது டிவியின் பட்டை. அதில் `HDMI 1 1920x1080i 50Hz` என்பது போல ஒரு வரி இருக்கும். பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவிக்குள் என்ன வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். பாக்ஸ் ரிமோட்டில் அதே பட்டனை அழுத்தினால் வருவது பாக்ஸின் பட்டை. சேனல் எண், நிகழ்ச்சியின் பெயர், மொழி, `HD` என்ற குறி, சில நிகழ்ச்சிகளில் `Dolby` குறி ஆகியவை அதில் இருக்கும். வானத்திலிருந்து என்ன வருகிறது என்பதற்கு இதுதான் சாட்சி.

புது டிவி ரிமோட்டுகள் பலவற்றில் இன்ஃபோ பட்டன் கிடையாது. அப்படியானால் சோர்ஸ் பட்டனை அழுத்தி வேறு எச்டிஎம்ஐக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். நிறைய டிவிகளில் திரும்பி வந்ததும் சில விநாடிகள் மூலையில் அந்த வரி தெரியும். கையில் போன் இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறைந்த பிறகு நினைவில் நிற்காது.

சிக்னல் அளவு பெரும்பாலும் பட்டையில் இருக்காது. பாக்ஸ் மெனுவுக்குள் செட்டிங்ஸ் பக்கத்தில் `Signal Strength`, `Signal Quality` என்று இரண்டு கோடுகளாக இருக்கும்.

கோளாறு 1: திரையில் படமே இல்லை, ஒரு அறிவிப்பு மட்டும் நிற்கிறது

அந்த அறிவிப்பை எழுதியது யார் என்பதுதான் முதல் கேள்வி. பாக்ஸ் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள்.

*பாக்ஸ் மெனு திரையில் வருகிறது என்றால்,* பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவில் எல்லாம் சரி. அறிவிப்பை எழுதியது பாக்ஸ். ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. அது சரியாக இருந்தால் கீழே கோளாறு 5-க்குப் போங்கள்.

*மெனு வரவில்லை, `No Signal` மட்டும் நிற்கிறது என்றால்,* அது டிவியின் குரல். டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். சோர்ஸ் சரியான எச்டிஎம்ஐயில் இருக்கிறதா, பாக்ஸின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் எச்டிஎம்ஐ கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டி, டிவியில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். புதுக் கேபிளிலும் வராமல், பழைய மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி கேபிளில் படம் வந்தால், டிவியின் அந்தத் துளையிலோ பாக்ஸின் எச்டிஎம்ஐ பகுதியிலோ பழுது. பாக்ஸைப் பக்கத்து வீட்டு டிவியில் மாட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

கோளாறு 2: டிவி பட்டை 1080 என்கிறது, படமோ மங்கல்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் 55 அங்குல டிவி வாங்கியிருந்தார். செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியதுபோல் தெரிகிறது, கீழே ஓடும் எழுத்தின் ஓரமெல்லாம் கொசகொசவென்று இருக்கிறது என்றார். டிவியின் பட்டையைக் காட்டி, "தம்பி, டிவியே 1080-ன்னு சொல்லுதே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். பட்டையில் `1920x1080i 50Hz` என்றுதான் இருந்தது.

பட்டை சொன்னது உண்மைதான். ஆனால் அது பாக்ஸ் அனுப்பியதன் அளவு, சேனல் ஒளிபரப்பியதன் அளவு அல்ல. நம் நாட்டில் சாதாரண எஸ்டி சேனல் அதிகபட்சம் 720x576 புள்ளிகளில்தான் வருகிறது. பாக்ஸின் அவுட்புட்டை 1080i என்று நிலையாக வைத்திருந்தால், எந்தச் சேனலாக இருந்தாலும் இழுத்துப் பெரிதாக்கி 1080i ஆகவே டிவிக்குக் கொடுக்கும். டிவியும் அதையே பட்டையில் போடும். இல்லாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது.

சோதனை இரண்டு படி. முதல் படி, பாக்ஸ் ரிமோட்டில் இன்ஃபோவை அழுத்தி, சேனல் பெயருக்குப் பக்கத்தில் `HD` இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் பார்த்துக்கொண்டிருந்த சேனலில் இல்லை. இரண்டாவது படி, பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட்டை `Auto` அல்லது `Native` என்று மாற்றுவது. எல்லாப் பாக்ஸிலும் இந்த வசதி இல்லை, இருந்தால் விட்டுவிடாதீர்கள். மாற்றியதும் பாக்ஸ், வருவதை அப்படியே தள்ளிவிடும், டிவியின் பட்டை உண்மையைச் சொல்லத் தொடங்கும். அவர் வீட்டில் மாற்றிய உடனே டிவி பட்டை `720x576` என்று இறங்கியது. அதே சேனலின் எச்டி எண்ணை அடித்தேன். திரை ஒரு கணம் கறுத்து, பட்டை `1920x1080i` என்று வந்தது. வாசிப்பவரின் சட்டைக் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

விஷயம் இவ்வளவுதான்: எஸ்டிக்கும் எச்டிக்கும் தனித்தனி எண்கள். பேக் மாற்றினாலும் கை பழைய எண்ணைத்தான் அடிக்கும். ஃபேவரிட் பட்டியலிலும் பழைய எண்களே கிடக்கும். அவருடைய பட்டியலில் இருந்தவற்றை எல்லாம் நீக்கிவிட்டு எச்டி எண்களை ஏற்றியதோடு வேலை முடிந்தது. காசு செலவில்லை.

*எச்டி எண்ணை அடித்தால் சந்தா இல்லை என்று வந்தால்,* பேக்கில் அந்தச் சேனல் சேரவில்லை. ஆப்பிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ சேர்க்க வேண்டியதுதான், வீட்டுக்கு ஆள் தேவையில்லை.

*`HD` குறி இருக்கிறது, ஆனாலும் மங்கல் என்றால்,* ஒரே சேனலில் வேறு வேறு நேரத்தில் பாருங்கள். எச்டி சேனலிலேயே பழைய படம், பழைய சீரியல் ஓடும்போது மூலப் பிரதியே அப்படித்தான் இருக்கும். நேரடி கிரிக்கெட்டோ ஸ்டுடியோ செய்தியோ தெளிவாக இருந்தால் உங்கள் வீட்டில் பழுது இல்லை. அதுவும் மங்கலாக இருந்தால் டிவியின் பிக்சர் மோடைப் பாருங்கள். ஷார்ப்னஸை மிக அதிகமாக ஏற்றி வைத்திருந்தால் முகங்களின் ஓரம் வெள்ளைக் கோடு கட்டும். நாய்ஸ் ரிடக்‌ஷன் உச்சத்தில் இருந்தால் தோல் வழுவழுவென்று மெழுகாகும்.

அவுட்புட்டை `Auto`-விலேயே விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். சேனல் மாற்றும்போது எஸ்டிக்கும் எச்டிக்கும் நடுவில் திரை ஒவ்வொரு தடவையும் கறுத்துப் போகும். அது எரிச்சலாக இருந்தால் சோதனை முடிந்ததும் 1080i-க்கே திருப்பிவிடுங்கள். ஆனால் அதன் பிறகு டிவியின் பட்டையை வைத்து எச்டியா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது, பாக்ஸின் பட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

கோளாறு 3: எச்டி சேனல்தான், டிவி பட்டையோ 576 அல்லது 720 என்கிறது

பட்டையில் எச்டிஎம்ஐக்குப் பதிலாக `AV` என்று இருந்தால் விடை அதுவே. ஏவி கேபிள் வழியாக எச்டி வராது. எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டு சோர்ஸை மாற்றுங்கள்.

`HDMI` என்றே இருந்து `576p` அல்லது `720p` என்று வந்தால், பாக்ஸின் வீடியோ அவுட்புட்டைப் பாருங்கள். பாக்ஸை ரீசெட் செய்தாலோ வேறு டிவியில் மாட்டிக் கொண்டுவந்தாலோ அது குறைந்த அளவுக்கு இறங்கியிருக்கலாம். 1080i-க்கு ஏற்றுங்கள். ஏற்றியதும் திரை கறுத்துப்போய்த் திரும்பாவிட்டால் பதற வேண்டாம், பெரும்பாலான பாக்ஸ்களில் உறுதிசெய்யாமல் சற்றுப் பொறுத்திருந்தால் பழைய அளவுக்கே வந்துவிடும். கேபிளை மாற்றிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

மெனுவில் 1080i என்ற தேர்வே இல்லையென்றால், பாக்ஸே எஸ்டி பாக்ஸாக இருக்கும். பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இல்லாததும் அதற்கு அடையாளம். எந்த அமைப்பாலும் அதை மாற்ற முடியாது, எச்டி பாக்ஸுக்கு மாற வேண்டியதுதான். சேவை நிறுவனத்திடம் பேசும்போது பழைய பாக்ஸைக் கொடுத்து மாற்றும் திட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

*இதன் கிளை ஒன்று:* அளவு சரியாக இருக்கிறது, ஆனால் 50Hz இருக்க வேண்டிய இடத்தில் `60Hz` என்று இருக்கிறது. ஆப்களும் சேர்ந்து வரும் புதுப் பாக்ஸ்களில் இதைப் பார்க்கலாம். நம் சேனல்கள் 50Hz கணக்கில் ஒளிபரப்பாகின்றன. பாக்ஸ் அதை 60-க்கு மாற்றும்போது, கீழே ஓடும் செய்தி வரியும் பந்துக்குப் பின்னால் நகரும் கேமராவும் சீராகப் போகாமல் விட்டுவிட்டுக் குதிக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1080p 50Hz-ஐத் தேர்ந்தெடுங்கள். நிகழ்ச்சிக்கு ஏற்ப வேகத்தைத் தானே மாற்றும் தேர்வு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

கோளாறு 4: பாக்ஸ் பட்டையில் `Dolby`, ஆனால் சத்தம் இல்லை

படம் நன்றாக வருகிறது, எஸ்டி சேனல்களில் சத்தமும் இருக்கிறது, சில எச்டி சேனல்களில் மட்டும் மௌனம். இந்த அமைப்பைக் கண்டால் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டாம். பாக்ஸ் ஒலியைப் பிரிக்காமல் டால்பி கட்டாகவே வெளியே அனுப்புகிறது, எதிரில் இருக்கும் டிவிக்கோ சவுண்ட்பாருக்கோ அந்தக் கட்டைப் பிரிக்கத் தெரியவில்லை.

முதலில் பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டை `PCM` அல்லது `Stereo` என்று மாற்றுங்கள். இப்போது பாக்ஸே பிரித்து, எல்லாச் சாதனத்துக்கும் புரியும் இரண்டு சேனல் ஒலியாகக் கொடுக்கும். சத்தம் வந்துவிட்டால் காரணம் உறுதி. டிவி ஸ்பீக்கரிலேயே கேட்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இழப்பு ஒன்றும் இல்லை.

`PCM`-இலும் மௌனம் என்றால், பாக்ஸ் பட்டையில் மொழியைப் பாருங்கள். பல மொழிகளில் வரும் சேனல்களில், தேர்ந்தெடுத்து வைத்த மொழித் தடம் அந்த நிகழ்ச்சியில் காலியாக இருக்கலாம். ரிமோட்டின் ஆடியோ அல்லது லாங்குவேஜ் பட்டனால் மாற்றிப் பாருங்கள்.

*சவுண்ட்பார் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம்:* சத்தம் வருகிறது, ஆனால் பாக்ஸ் பட்டையில் `Dolby` இருந்தும் சவுண்ட்பார் `PCM` என்றே காட்டுகிறது. நடுவில் யாரோ கட்டைப் பிரித்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். பாக்ஸில் ஆடியோவை `Dolby Digital` அல்லது `Pass Through` என்று வையுங்கள். டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டும் `PCM`-ல் இருக்கக் கூடாது, `Auto` அல்லது `Pass Through`-வில் இருக்க வேண்டும். சவுண்ட்பார் கேபிள் டிவியில் `ARC` என்று எழுதிய துளையில்தான் இருக்க வேண்டும், மற்ற எச்டிஎம்ஐ துளைகள் ஒலியைத் திருப்பி அனுப்பாது. ஆப்டிகல் கேபிள் என்றால் அதன் வழியாகச் சாதாரண டால்பி டிஜிட்டல் போகும், டால்பி டிஜிட்டல் ப்ளஸ் போகாது.

எல்லாம் செய்த பிறகும் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். `Dolby` குறி ஒலி எந்த முறையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இரண்டு சேனல் மட்டும் இருக்கலாம். பாக்ஸ் பட்டையில் `5.1` என்று தனியாக இருந்தால்தான் பின் ஸ்பீக்கருக்கு வேலை இருக்கிறது.

கோளாறு 5: படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அல்லது போய்ப் போய் வருகிறது

இப்போது பாக்ஸ் மெனுவில் அந்த இரண்டு கோடுகளைத் திறங்கள். `Strength` என்பது கேபிள் வழியாக எவ்வளவு பலம் வருகிறது என்பது. அதில் இரைச்சலும் கலந்திருக்கலாம். `Quality` என்பது வருவதில் எவ்வளவு பாக்ஸுக்குப் புரிகிறது என்பது. படத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். ஒரு பாக்ஸில் 70 என்பது இன்னொரு பாக்ஸில் 55 ஆக இருக்கலாம், எல்லாப் பாக்ஸுக்கும் பொதுவான எண் கிடையாது. ஆகவே வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், படம் நன்றாக ஓடும்போது இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது வரும் நாளில் அதோடு ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு மதிப்பு.

*இரண்டும் மழையில் இறங்கி, மழை விட்டதும் ஏறுகின்றன:* டிஷ் அலைவரிசைக்கு அடர்ந்த மழைமேகம் தடை. கனமழையில் சற்று நேரம் போவது இயல்பு. தூறலுக்கே போனால் டிஷ் ஏற்கெனவே கொஞ்சம் விலகியிருக்கிறது, திருப்ப ஆள் வேண்டும்.

*ஒவ்வொரு நாளும் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் போகிறது:* மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நாட்கள் உண்டு. சில நாளில் தானாகவே நின்றுவிடும். எதையும் தொட வேண்டாம்.

*`Strength` நன்றாக இருக்கிறது, `Quality` ஏறி இறங்கி ஆடுகிறது, காற்றடித்தால் அதிகமாக ஆடுகிறது:* மரத்தைப் பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், 70 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் நிற்கிறது. அதாவது ஏறக்குறைய தலைக்கு மேல். ஆனால் நம் வீட்டு டிஷ் தட்டு அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதுபோல் தெரியாது, அதன் வடிவமைப்பு அப்படி. அதனால் தட்டு பார்க்கும் திசையில் நேராகப் பார்த்து மரமே இல்லை என்பார்கள். தடுப்பது அதைவிட உயரத்தில் இருக்கும் தென்னை ஓலையாகவோ, மேலே கவிந்துவிட்ட வேப்பங்கிளையாகவோ இருக்கும். கிளையைக் கழித்தால் போதும். கழிக்க முடியாத மரம் என்றால் டிஷ்ஷையே வேறு மூலைக்கு மாற்ற வேண்டும், அது ஆள் வைத்துச் செய்யும் வேலை.

*சில சேனல்கள் முழுக்க நன்றாக இருக்கின்றன, சில சேனல்கள் மொத்தமாக இல்லை:* டிஷ்ஷின் நுனியில் இருக்கும் எல்.என்.பி.க்கு பாக்ஸ் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்புகிறது. ஒரு பாதிச் சேனல்களுக்கு 13 வோல்ட், மறுபாதிக்கு 18 வோல்ட். கேபிள் முனை துருப்பிடித்திருந்தால் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து குறைவாகப் போய்ச் சேரும். எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும், மறுபாதிச் சேனல்கள் கிடைக்காது. முதலில் பாக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது கழற்றினால் நடுக்கம்பி வெளி வலையில் பட்டு பாக்ஸே போய்விடலாம். அப்புறம் பாக்ஸின் பின்னால் திருகிய கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி பளிச்சென்று, கனெக்டரின் விளிம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ, வலைக் கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ காரணம் அதுதான். முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள், மலிவான பொருள். அதே சோதனையை டிஷ் பக்க முனையிலும் செய்ய வேண்டும், மழைத் தண்ணீர் அதிகம் புகுவது அங்கேதான். மொட்டை மாடியில் கைக்கு எட்டுகிற உயரம் என்றால் நீங்களே பார்க்கலாம். ஓட்டின் மேலோ, கைப்பிடிச் சுவரைத் தாண்டியோ, ஈரத் தரையிலோ, இடி இடிக்கும் நேரத்திலோ வேண்டாம்.

*`Strength`, `Quality` இரண்டும் பூஜ்யம்:* எல்.என்.பி.க்கு மின்சாரம் போகவில்லை அல்லது எல்.என்.பி. செத்துவிட்டது. கனெக்டர்களைப் பார்த்த பிறகு, உங்கள் கேபிளில் பக்கத்து வீட்டுப் பாக்ஸை மாட்டிப் பாருங்கள். அதே நிறுவனத்தின் பாக்ஸ் என்றால்தான் இந்தச் சோதனை செல்லும். அதிலும் பூஜ்யம் என்றால் கேபிள் அல்லது எல்.என்.பி., அதில் எண் வந்தால் உங்கள் பாக்ஸ்.

*`Strength` இருக்கிறது, `Quality` பூஜ்யம்:* காற்றில் டிஷ் திரும்பி வேறு இடத்தைப் பார்க்கிறது, அல்லது எல்.என்.பி.க்குள் தண்ணீர். தட்டைக் கையால் அசைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். சில டிகிரி தவறினாலே செயற்கைக்கோள் நழுவிவிடும், மீட்டர் வைத்திருப்பவர் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

ஆளைக் கூப்பிடும்போது வெறுமனே படம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். நல்ல நாளில் குறித்த இரண்டு எண்கள், இன்றைய இரண்டு எண்கள், எந்தச் சேனல் எண்கள் வருகின்றன, எவை வரவில்லை என்று சொல்லுங்கள். பாதிச் சேனல் இல்லை என்று தெரிந்தால் அவர் கனெக்டரும் கேபிளும் எடுத்து வருவார். இரண்டும் பூஜ்யம் என்றால் எல்.என்.பி. எடுத்து வருவார். வேலை முடிந்ததும் அவர் கிளம்பும் முன் மெனுவைத் திறந்து `Quality` எண்ணைப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள், வராமல் இருந்த சேனல்களில் ஒன்றைப் போட்டும் பாருங்கள்.